குப்பைக்கு மேல் ஒரு கூரை

வணக்கம். 20,000 பேர் வாழும் ஒரு பேரூராட்சிக்குச் சிறியதோர் உரக்கிடங்கு அமைப்பதைப் பற்றியே இன்று பேசவிருக்கிறேன். ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் குப்பை என்று கொண்டால் மொத்தம் 6 டன் சேரும். அதில் பாதி, அதாவது 3 டன், மக்கும் குப்பை என்று வைத்துக்கொள்வோம்.

பலரும் இந்த 3 டன்னை மட்டும் பார்த்துவிட்டு இடம் தேடுகிறார்கள். ஆனால் இன்று வந்த குப்பை உரமாக ஆறு வாரமாவது ஆகும்; அதுவரை அது அங்கேதான் கிடக்கும். 3 டன் குப்பை 6 கனமீட்டர் இடத்தை அடைக்கும் என்று கொண்டால், 42 நாளைக்கு ஏறத்தாழ 250 கனமீட்டர் ஆகிறது. அதை ஒன்றரை மீட்டர் உயரத்தில், நெல் அம்பாரம்போல் நீளவாக்கில் குவித்தால், 20 மீட்டர் நீளத்தில் ஏழு வரிசைகள் வேண்டும். இடைவழியையும் சேர்த்தால் 600 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 15 சென்ட் ஆகும். குவியல்கள் நாளாக ஆகச் சுருங்குவதால் மிச்சப்படும் இடம், வாரம் ஒருமுறை கிளறிப் போடுவதற்கு உதவும்.

அடுத்தது கசிவுநீர், குவியலின் அடியில் வடிகிற கறுப்புச் சாறு. நான் பார்த்த ஒரு கிடங்கில் செலவைக் குறைக்க வேண்டி மதிப்பீட்டிலிருந்து கூரையை நீக்கிவிட்டு, தொட்டியை மட்டும் ஒழுங்காகக் கட்டியிருந்தார்கள். ஐப்பசியில் ஒரே இரவில் பெய்த மழையில் தொட்டி நிரம்பி, சாறு பக்கத்து வாய்க்காலில் கலந்தது. கணக்குப் போட்டால் இது வியப்பில்லை: 600 சதுர மீட்டரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 30,000 லிட்டர்! கூரை இருந்திருந்தால் குப்பையிலிருந்து மட்டுமே சாறு வடியும். டன்னுக்கு 100 லிட்டர் என்று தாராளமாகக் கொண்டாலும் நாளைக்கு 300 லிட்டர்தான். ஆகவே சொல்கிறேன், முதல் செலவு கூரைக்கு. கூரைத் தண்ணீர் தனி வாய்க்காலில் போகட்டும். தளத்தைச் சிமெண்டில், மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சாய்வாகப் போட்டு, சாற்றை மூடிய 2,000 லிட்டர் தொட்டியில் சேர்க்கலாம். அது ஏறக்குறைய ஒரு வாரத்துக்குத் தாங்கும். அந்தச் சாற்றைப் புதிய குவியல்களின்மேல் தெளிக்கலாம். குவியலுக்குள் எழும் சூட்டில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். முதிர்ந்த உரத்தின்மேல் மட்டும் தெளிக்கக் கூடாது, ஏனென்றால் சூட்டில் அழிந்த கிருமிகள் மறுபடி அதில் ஏறிக்கொள்ளும்.

சாறு வழக்கத்துக்கு மேல் வடிந்தால், குவியலிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் ஓரிரு துளி கசிந்தால் பதம் சரி. ஒழுகினால் காய்ந்த சருகோ தென்னை நார்க்கழிவோ கலந்து கிளற வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்றில்லை என்று பொருள். சந்தையிலிருந்து வாழைத்தண்டும் தக்காளியும் வண்டி வண்டியாக வரும் நாட்களில் அதிகச் சாறும் நாற்றமும் சேர்ந்தே வரும்.

தரம் பிரிக்கும் கொட்டகையைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் முடிகிறது. உலர் குப்பையைப் பிரிக்கும் மேசையைக் காற்று வீசும் திசையைப் பார்த்து, உரக்குவியலின் நாற்றம் அடிக்காத பக்கத்தில் போடுங்கள். பேட்டரி, ஊசி, மாத்திரை ஆகியவற்றுக்குப் பூட்டுடன் தனிப் பெட்டி வேண்டும். நன்றி.