"கடல் தண்ணியில விளக்கெரிப்பா அம்மன் எண்டால் மாமாவைக் கூட்டிக்கொண்டு வரேலாதோ? அம்மம்மா கும்பிடுறது அவவுக்குக் கேக்குதோ கேக்கேல்லையோ ரீச்சர்?"

நடுவர் ஐயா, எதிரணியில இருக்கிற பெரியாக்கள், முன்னுக்கு பாயில இருக்கிற சின்னனுகள், பின்னுக்கு வேலியோட நிக்கிற அண்ணைமார், எல்லாருக்கும் வணக்கம். எங்கட அறநெறி வகுப்பில ஒன்பது வயசுப் பிள்ளை ஒண்டு வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் முடிஞ்ச கிழமை கேட்ட கேள்விதான் இது, பிள்ளை ஆரெண்டு தெரியக்கூடாதெண்டு சிலதை மாத்தித்தான் சொல்லுறன். மாமா 2009 மே மாசம் வட்டுவாகலடியில கடைசியாக் கண்ட ஆள். பிள்ளை பிறக்க முந்தியே காணாமப் போனவர், அவள் படத்திலதான் பாத்திருக்கிறாள், ஆனா ஒவ்வொரு வெள்ளியும் அம்மம்மாவுக்குப் பக்கத்தில இருந்து திரி போடுறது அவள்தான்.

இந்தப் பிள்ளைக்கு விளக்கம் சொல்லோணும் எண்டது எதிரணி. விளக்கம் வேண்டாம், அந்தக் கேள்வியை அப்பிடியே கடவுளிட்டையே கேக்கப் பழக்கு எண்டது நாங்கள்.

முதல்ல பேசின சிஸ்டர் சொன்னா, கடவுள் எல்லா மன்றாட்டுக்கும் பதில் தாறவர், ஓம், இல்லை, கொஞ்சம் பொறு, இந்த மூண்டில ஒண்டு எண்டு. கேக்க வடிவாத்தான் இருக்கு, சைக்கிள் கேட்ட பிள்ளைக்கு, முதலாம்பிள்ளையா வரோணும் எண்டு கேட்ட பிள்ளைக்கு இது பொருந்தும், நான் மறுக்கேல்லை. ஆனா இந்தப் பிள்ளையிட்டச் சொல்லிப் பாருங்கோ. "இல்லை" எண்டால், மாமா வரவேண்டாம் எண்டு கடவுளே சொன்னவரோ எண்டு அடுத்த கேள்வி வரும். "பொறு" எண்டால்? கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில காணாமப் போன பிள்ளையளைக் கேட்டு 2017 பெப்ரவரி 20 இல குந்தின அம்மாக்களுக்கு ஆணைக்குழு, அலுவலகம், வந்துபோன மந்திரி எல்லாரும் சொன்னது அதைத்தானே. கடவுளையும் கொண்டுபோய் அந்தக் கதிரையில இருத்தப் போறியளோ சிஸ்டர்? வன்னியில அந்தப் பதிலுக்கு வேற மணம்.

அடுத்து வந்த ஆசிரியர் ஐயா வினையைப் பற்றிக் கதைச்சவர். "அவ்வினைக்கு இவ்வினை" எண்டு சம்பந்தரே பாடியிருக்கிறார் எண்டு அடிச்சுச் சொன்னார், சபையும் கை தட்டினது. ஐயா பாதி சரி. மிச்சப் பாதியையும் பாடியிருக்கோணும். கொங்கு நாட்டில திருச்செங்கோட்டில தன்னோட வந்த அடியார் எல்லாரும் குளிர்காய்ச்சலில விழேக்க பாடின பதிகம் அது. அந்த வினைக்கு இந்த வினை எண்டு சொல்லிக்கொண்டு, தப்புற வழியைத் தேடாமல் சும்மா இருக்கிறது உங்களுக்குத்தான் குறை எண்டுதான் அந்தப் பாட்டு போகுது. காய்ச்சல்காரரைப் பாத்து உங்கட வினை எண்டு சொல்லிப்போட்டு அவர் போகேல்லை, அதுக்குள்ள கிடக்காதேங்கோ எண்டு பாடினவர். நீங்கள் முதல் பாதியை மட்டும் பிள்ளையின்ர கையில குடுத்தால் அவள் கேக்கப்போறது ஒண்டுதான், மாமா என்ன பாவம் செய்தவர்?

இன்னொண்டும் இருக்கு. உந்தப் பாட்டை உந்த வயசில எப்பிடிக் கேப்பாள் எண்டு பாக்கோணும். 1967 இல டேவிட் எல்கைண்ட் எண்ட உளவியல்காரரும் அவரோட ரெண்டு பேரும் சேந்து அமெரிக்காவில பிள்ளையளிட்ட செபம் எண்டால் என்ன எண்டு விசாரிச்சவை. ஏழு, எட்டு வயசில பிள்ளைக்கு செபம் எண்டது ஒரு செயல், ஒண்டைக் கேக்கிறது, கிடைக்கிறது. ஒன்பது, பத்துக்குப் பிறகுதான் அது கடவுளோட தனியக் கதைக்கிறதா மாறுது. எங்கட பிள்ளை அந்த வரம்பில நிக்கிறாள். கிடைக்கேல்லை எண்டால் செய்த விதம் பிழை எண்டு யோசிக்கிற வயசு. அவள் பிறகு மெல்லமாக் கேட்டது என்ன தெரியுமோ, "நான் திரியைக் கோணலாப் போட்டிருப்பனோ?"

இதை நல்லாக் கவனியுங்கோ. கேள்வி கேக்கிற பிள்ளையால பயமில்லை. கேள்வியை நிப்பாட்டிப்போட்டு வெள்ளிக்கிழமை சாப்பிடமாட்டன் எண்டு நிக்கிற பிள்ளை, ஒரு எழுத்துப் பிழைச்சாலும் தேவாரத்தை முதலிருந்து பாடுற பிள்ளை, அதுதான் பயம். மாமா வராதது தன்ர பிழை எண்டு அது முடிவெடுத்திட்டுது. நல்லாக் கும்பிட்டால் நடக்கும் எண்ட பதில் செய்யிற வேலை அது. 1999 நவம்பரில மடு மாதா கோயில் வளவுக்குள்ள தஞ்சமெண்டு இருந்த சனத்தில ஏறக்குறைய 40 பேர் எறிகணையில செத்தவை, அவையள் கும்பிட்டது காணாதெண்டு இந்தச் சபையில ஆராவது சொல்லுவியளோ?

சரி, அப்ப நீ என்ன சொல்லுவாய் எண்டு ஐயா கேட்டவர். நான் சுந்தரரைச் சொல்லுவன். எங்கட திருக்கேதீச்சரத்தைப் பாடின அதே சுந்தரர். திருவொற்றியூரில சங்கிலியாருக்கு உன்னை விட்டுப் போகமாட்டன் எண்டு சத்தியம் பண்ணிப்போட்டு அதை மீறி வெளிக்கிட, ரெண்டு கண்ணும் போச்சுது. தடவித் தடவி திருவெண்பாக்கம் வந்து, கோயிலுக்குள்ள இருக்கிறீரோ எண்டு சிவனைக் கேக்கிறார். உள்ளுக்கிருந்து பதில் வருது: "உளோம் போகீர்." இருக்கிறம், நீர் போம். கண் தரேல்லை, ஊண்டிக்கொண்டு போக ஒரு கோல் குடுத்தார் எண்டு சொல்லுவினம். சிவனுக்குக் காதில விழுந்தது, கேட்ட கண் கிடைக்கேல்லை, ரெண்டும் ஒரே இடத்தில. காஞ்சிபுரத்தில ஒரு கண் வருது. திருவாரூருக்கு வந்து மற்றக் கண்ணுக்குப் பாடேக்க மனிசன் கெஞ்சேல்லை, ஏசுறார். மற்றக் கண்ணைத் தராட்டி நீரே "வாழ்ந்து போதீரே" எண்டு. நீரே நல்லா இரும் எண்டு நாங்கள் கோவத்தில வளவுச் சண்டையில சொல்லுறமே, அதே தொனி. அதைத் திருமுறையில வைச்சு இண்டைக்கும் கோயிலில பாடுறம். அப்ப கடவுளோட கோவிக்கிறது பாவம் எண்டு எந்த வாயால பிள்ளையை அடக்கிறது?

ஐயா அங்க இருந்து கை காட்டுறார், விளங்குது, சுந்தரருக்குக் கடைசியில கண் வந்ததுதானே எண்டு. ஓம் ஐயா, வந்தது. அதாலதான் நான் வகுப்பெடுத்தால் கதையை வெண்பாக்கத்திலயே நிப்பாட்டிப்போட்டு, ஏசுறதுக்கு மட்டும் திருவாரூர்ப் பாட்டைப் பாடிக் காட்டுவன். கண் வந்ததெண்டு முடிச்சால் பிள்ளை மாமா வருவார் எண்டு கணக்குப் போடும், அந்தக் கணக்குக்கு நான் பொறுப்பேற்க ஏலாது. சத்தியம் மீறினபடியால கண் போனது எண்டதையும் பெரிசாச் சொல்லமாட்டன், ஏனெண்டால் அது திரும்ப மாமாவின்ர பிழையில போய் நிக்கும். முழுக்கதை வேணுமெண்டால் பதினஞ்சு வயசில வாசிக்கட்டும். கதையை வெட்டுறது நேர்மையோ எண்டு கேட்டால், அது நல்ல கேள்வி, எனக்கும் முழுத் திருப்தி இல்லை.

சிஸ்டர், உங்கட வேதாகமத்திலயும் இது கிடக்கு. திருப்பாடல் 88 ஐப் பாருங்கோ, இராப்பகலாக் கத்துறன், ஏன் முகத்தை மறைக்கிறீர் எண்டு கேட்டு, கடைசி வரியும் இருட்டிலதான் முடியுது. ஆறுதல் வசனம் ஒண்டை ஒட்டிவிடேல்லை. கெத்சமனியில இயேசுவே இந்தக் கிண்ணம் என்னை விட்டுப் போகட்டும் எண்டு கேட்டவர், போகேல்லை. மறைக்கல்வி வகுப்பில அந்த இடத்தை ஓடிக் கடந்து உயிர்ப்புக்குப் போயிடுறம், பிள்ளையை அதில கொஞ்ச நேரம் இருக்க விட்டால் என்ன?

மௌலவி அவர்கள் இந்தச் சபையிலயே கனக்கத் தெரிஞ்சவர், அவரோட வாதாடப் பயமா இருக்கு. பாவத்தையும் உறவை முறிக்கிறதையும் கேக்காத துஆவுக்கு மூண்டில ஒண்டு கிடைக்கும், இஞ்சயே தரப்படும், இல்லாட்டி மறுமைக்குச் சேத்து வைக்கப்படும், இல்லாட்டி அதே அளவு கெடுதி விலக்கப்படும் எண்டு ஹதீஸ் சொன்னவர். அது வளந்த ஆளுக்கு நிண்டு பிடிக்க நல்ல தூண், பொய்யெண்டு சொல்ல நான் ஆர். ஆனா யாகூப் நபியின்ர கதையும் அவரிட்ட இருக்கு. மகன் யூசுப் காணாமப் போய், அழுது அழுது கண் வெளுத்துப்போன தகப்பன். இன்னும் யூசுபையே நினைச்சுக்கொண்டு சாகப்போறியளோ எண்டு மற்றப் பிள்ளையள் கேக்கேக்க, என்ர துக்கத்தை நான் அல்லாஹ்விட்டத்தான் முறையிடுறன் எண்டார். தேடுறதையும் விடேல்லை, போய்த் தேடுங்கோ எண்டு பிள்ளையளை அனுப்பினவர். அந்தக் கதையை இந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கோ மௌலவி, யூசுப் கிடைக்கிற இடத்துக்கு வர முந்தி மூச்செடுத்துக்கொண்டு நில்லுங்கோ, அது போதும்.

நடைமுறையில நான் செய்யச் சொல்லுறது கொஞ்சம்தான். பிள்ளை கேட்டதும் பதில் சொல்லாதேங்கோ, "நீ என்ன நினைக்கிறாய்?" எண்டு முதல்ல கேளுங்கோ, கோணல் திரி மாதிரி உள்ளுக்குக் கிடக்கிறது அப்பதான் வரும். வந்ததும் அதை நேராச் சொல்லுங்கோ, மாமா வராதது உன்ர திரியால இல்லை எண்டு. இது ஒண்டுதான் நான் உறுதியாச் சொல்லுற விளக்கம், எதிரணி இதைப் பிடிச்சு என்னை மடக்கலாம், மடக்கட்டும். பேந்து, கேக்குதெண்டு நான் நம்புறன், ஏன் வரேல்லை எண்டு எனக்குத் தெரியாது எண்டு சொல்லுங்கோ. ரெண்டையும் சேத்து. பேந்து அவளையே அம்மனிட்டக் கேக்கச் சொல்லுங்கோ, அவளின்ர சொல்லில, கோவமெண்டால் கோவத்தோட. நாங்கள் கேக்க வைச்சம். அவள் சொன்னது, "உங்களுக்கு விளக்கெரிக்க மட்டும்தான் தெரியுமோ?" வகுப்பில ரெண்டு பொடியங்கள் சிரிச்சவங்கள், அவளுக்குச் சிரிப்பு வரேல்லை.

அம்மம்மா பிறகு வகுப்படிக்கு வந்தவ. நான் பயந்துபோனன், பேத்தி அம்மனை ஏசிப்போட்டாள் எண்டு வந்திருக்கிறா எண்டு. அவ கேட்டது வேற, மாமாவின்ர பேரை ஏதோ பதிவில விட்டிட்டாங்களாம், ஆரிட்டக் கதைக்கிறது எண்டு. போகேக்கதான் சொன்னா, "அவ கண்ணகியெல்லே தம்பி, அவவின்ர புருசனும் வரேல்லைத்தானே, அவவுக்கு விளங்கும்." உடனே ஐயா கேப்பார், அப்ப அதுவும் ஒரு விளக்கம்தானே எண்டு. இருக்கலாம். ஆனா அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை, அவவுக்கு இருக்கு.

மணி அடிச்சிட்டினம். ஒண்டு மட்டும் மிச்சம். அஞ்சு, ஆறு வயசுப் பிள்ளையிட்ட "எனக்குத் தெரியாது" எண்டு ரீச்சர் சொன்னால் அது பயந்துபோகாதோ எண்டு சிஸ்டர் கேட்டவ. இதில எங்கட அணியே ரெண்டாப் பிரிஞ்சு நிக்குது. நான் சொல்லலாம் எண்டுற ஆள். எனக்குப் பிறகு வாற அக்கா பதினெட்டு வருசமா முன்பள்ளி நடத்துறவ, அவ ஏலாதெண்டுவா. அவவிட்டையே கேளுங்கோ.