3,500 ரூபாய்க்கு வாங்கிய டிஸ்க்ளெய்மரைத் தூக்கிப் போட்டுவிட்டேன்

வணக்கம் மக்களே. ஆர்டி ஒப்பீட்டு வீடியோ இன்றைக்கு வரும் என்று போன தடவை சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரம்தான். கோயம்புத்தூரிலிருந்து ஒரு தங்கை அனுப்பிய மெயிலைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. "அக்கா, 12 லட்சம் வரைக்கும் வரி இல்லை என்று நீங்கள் சொன்னதை நம்பித்தான் இருந்தேன், இப்போது 20,800 ரூபாய் கட்டச் சொல்கிறது" என்று எழுதியிருந்தார்.

அந்த வீடியோ உங்களுக்கு ஞாபகம் இருக்கும், வெள்ளைப் பலகையில் பச்சை மார்க்கரில் அடுக்கு அடுக்காகப் போட்டுக் காட்டினேனே, அதுதான். அதில் சொன்ன கணக்கு தப்பில்லை. 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் இருந்தால் வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவு தரும் தள்ளுபடியில் வரி பூஜ்யம் ஆகிவிடும். இந்தத் தங்கைக்குச் சம்பளம் 9 லட்சம். ஆனால் அந்த வருடம் வாங்கிய பங்குகளைச் சில மாதங்களிலேயே விற்று 1 லட்சம் லாபம் பார்த்திருக்கிறார். பங்கில் வரும் குறுகிய கால லாபத்துக்கு 20 சதவீதம் என்று தனி விகிதம். அந்த வரிக்கு 87ஏ தள்ளுபடி கிடையாது. 20,000, அதன் மேல் 4 சதவீதம் செஸ் 800, ஆக 20,800.

ஒன்றை விட்டுவிட்டேன். சம்பளத்தில் 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் கழித்தால் 8,25,000, அதற்கு அடுக்குப்படி வரும் 22,500 வரி முழுவதும் தள்ளுபடியில் போய்விட்டது, அதனால் கம்பெனி டிடிஎஸ்ஸே பிடிக்கவில்லை. அங்கேதான் இரண்டாவது அடி. வருடத்தில் கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாயைத் தொட்டால் முன்கூட்டியே அட்வான்ஸ் டாக்ஸ் கட்டியிருக்க வேண்டும், இவர் கட்டவில்லை, அதற்கு வட்டி வேறு.

சரி, வீடியோவுக்குக் கீழே டிஸ்க்ளெய்மர் இருந்ததா? இருந்தது. அதைப் பற்றித்தான் எனக்கு வயிற்றெரிச்சல். சேனல் ஆரம்பித்த புதிதில் ரெடிமேடாக வாசகம் எழுதித் தருபவர்களிடம் 3,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். மூவாயிரத்து ஐந்நூறு! எங்கள் வீட்டில் ஒரு மாத மளிகையில் பாதி. ஒன்றரைப் பக்கம் வந்தது. வாங்கிய அன்றைக்கு ஒழுங்காகப் படிக்காமல் ஒட்டிவிட்டேன், இந்த வாரம் வரி வரியாகப் படித்தால் அதில் 401(k) என்று இருக்கிறது. அது அமெரிக்காவில் வேலை செய்பவர்களின் ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம். நம் ஊர் இபிஎஃப் பற்றி ஒரு எழுத்து இல்லை, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் பெயர்கூட இல்லை. காசைத் திருப்பிக் கேட்டேன், பதிலே வரவில்லை.

அதைவிடப் பெரிய குறை வேறு. "இது பொதுவான தகவல் மட்டுமே, தனிப்பட்ட ஆலோசனை அல்ல, ஆலோசகரை அணுகவும்" என்ற வரியை எந்த வீடியோவுக்குக் கீழே வேண்டுமானாலும் போடலாம், நகைச்சீட்டு வீடியோவுக்கும் அதேதான், வரி வீடியோவுக்கும் அதேதான். அதைப் படித்த கோயம்புத்தூர்த் தங்கைக்கு, தான் இந்தக் கணக்குக்கு வெளியே இருக்கிறோம் என்று எப்படித் தெரிந்திருக்கும்? "பொறுப்புத் துறப்பு" என்று தமிழில் எழுதுகிறார்களே, அந்தச் சொல்லே எனக்குப் பிடிக்காது. நான் பொறுப்பைத் துறப்பதற்காக அதை எழுதக் கூடாது, இந்தக் கணக்கு யாருக்குப் பொருந்தாது என்று சொல்வதற்காக எழுத வேண்டும்.

அதனால் அந்த வீடியோவுக்கு நானே புதிதாக எழுதினேன். படிக்கிறேன், கேளுங்கள்: "இந்தக் கணக்கு இந்தியாவில் வசிக்கும், சம்பளமும் வங்கி வட்டியும் மட்டுமே வருமானமாக உள்ளவருக்கு, 2025-26 நிதியாண்டுக்கு, புதிய வரி முறைக்குப் போட்டது. பங்கு, மியூச்சுவல் ஃபண்ட், வீடு, மனை விற்ற லாபம் இருந்தால் இது உங்களுக்குப் பொருந்தாது. கணக்கு எப்படிப் போடுவது என்று கற்றுக்கொடுப்பதுதான் இந்த வீடியோ. உங்கள் வருமானத்தையோ கடனையோ பார்த்து நான் எதுவும் சொல்லவில்லை." நான்கு வாக்கியம்தான். முதல் இரண்டைப் பலகையில் எழுத ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே வாயால் சொல்லிவிடுவேன். டிஸ்கிரிப்ஷனில் 'மேலும் காட்டு' என்பதைத் தட்டினால்தான் தெரியும் இடத்தில் வைத்தால் யார் படிக்கிறார்கள்?

அப்புறம், வாசகத்தை எவ்வளவு அழகாக எழுதினாலும் அதனால் காப்பாற்ற முடியாத இடம் ஒன்று இருக்கிறது. செபியின் 2013 முதலீட்டு ஆலோசகர் விதிமுறையில், பொதுமக்கள் எல்லாருக்கும் கிடைக்கும் பத்திரிகை, ஒளிபரப்பு, மின்னணு ஊடகம் வழியாகச் சொல்வது அந்த விதிமுறைக்கு 'முதலீட்டு ஆலோசனை' ஆகாது என்று விலக்கு இருக்கிறது. என்னைப் போன்றவர்கள் நிற்பது அந்த விலக்கின் மேல்தான். ஆனால் காசு வாங்கிக்கொண்டு ஒரு குழு ஆரம்பித்து, "உங்கள் சம்பளம் எவ்வளவு, சரி, இந்த ஃபண்டில் இவ்வளவு போடுங்கள்" என்று ஒவ்வொருவருக்கும் சொல்லத் தொடங்கினால் அந்த விலக்கு கைகொடுக்காது. பதிவு வேண்டும். பங்கின் பெயரைச் சொல்லி வாங்கு, விற்றுவிடு, இந்த விலைக்குப் போகும் என்று சொல்வதைத் தொழிலாகச் செய்தால் 2014 ஆய்வாளர் விதிமுறை வந்து நிற்கும்.

'கல்விக்காக மட்டும்' என்று கீழே ஓடவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் 'பாப் ஆஃப் சார்ட்' என்ற பெயரில் சேனல் நடத்தியவர் மீது 2023 அக்டோபரில் வந்த இடைக்கால உத்தரவைப் படித்துப் பாருங்கள். பங்குச் சந்தைப் பயிற்சி வகுப்பு என்ற பெயரில் எதை வாங்க வேண்டும், எதை விற்க வேண்டும் என்று பதிவில்லாமல் சொல்லிவந்ததாகச் சொல்லி, 17 கோடி ரூபாய்க்கு மேல் தனிக் கணக்கில் போடச் சொன்னது செபி. பெயர்ப்பலகையில் கல்வி என்று இருப்பதை அது பார்க்கவில்லை, உள்ளே என்ன சொன்னார்கள் என்பதைத்தான் பார்த்தது. 2025 ஜனவரி சுற்றறிக்கையில் இன்னும் இறுக்கி, கல்வி மட்டும் என்பவர்கள் கடைசி மூன்று மாத விலையை வைத்துக்கொண்டு பங்கின் பெயரைச் சொல்லி விலை எங்கே போகும் என்று பேசக் கூடாது என்று வைத்தார்கள்.

எனக்கு இதில் நேரடியாக இடிப்பது கமெண்ட் பகுதி. "அக்கா, வயது 34, கைக்கு 62,000 வருகிறது, வீட்டுக் கடன் 26,000, எஸ்ஐபியை நிறுத்திவிட்டுக் கடனை அடைக்கட்டுமா?" என்று கேட்பார்கள். முன்பெல்லாம் "அடைத்துவிடுங்கள் தம்பி" என்று ஒரு வரியில் போட்டுவிடுவேன். ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் இருக்கிறதா, 14 சதவீதத்தில் வேறு கடன் இருக்கிறதா, எதுவும் கேட்காமல். அந்தக் கமெண்ட்டுகளை எல்லாம் தேடித் தேடி அழித்துவிட்டேன், இரண்டு ராத்திரி ஆனது. இனிமேல் கணக்குப் போடும் முறையைச் சொல்வேன், எதை எதைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்வேன், "செய்யுங்கள், செய்யாதீர்கள்" வராது. கோபித்துக்கொள்ளாதீர்கள். முடிவு சொல்ல ஆள் வேண்டுமென்றால் செபி இணையதளத்தில் பதிவு பெற்ற ஆலோசகர் பட்டியல் இருக்கிறது, அவர் தரும் பதிவு எண் INA என்று தொடங்குகிறதா, அந்தப் பட்டியலில் அதே பெயரில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பழைய வரி வீடியோவின் தலைப்பில் "சம்பளம் மட்டும் உள்ளவர்களுக்கு" என்று சேர்த்துவிட்டேன், புதிய வாசகம் முதல் கமெண்ட்டாகப் பின் ஆகியிருக்கிறது. இன்னும் 41 வீடியோ பாக்கி, வாரத்துக்கு ஐந்தாக முடிக்கிறேன். எதிலாவது யாருக்குப் பொருந்தும் என்று நான் சொல்லாமல் விட்டிருந்தால் அந்த வீடியோவின் கீழேயே எழுதுங்கள், அதை முதலில் எடுக்கிறேன்.