கெட்டிக்காரரிடம் எப்படிப் பேசுவது?

அனைவருக்கும் வணக்கம். இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் அநேகர் கோட்டையிலோ கொள்ளுப்பிட்டியிலோ இங்கே வெள்ளவத்தையிலோ ஓர் அலுவலகத்தில் நாலைந்து பேரையாவது பொறுப்பெடுத்து நடத்துகிறவர்கள். உங்கள் பிரிவிலும் ஒருவர் இருப்பார். வேலையில் அவரை அடிக்க ஆளில்லை. ஆனால் பக்கத்தில் இருப்பவர்கள் அவரிடம் வாய் திறக்கவே பயப்படுவார்கள். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுகிற அந்த அரை மணித்தியாலத்தைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு தேயிலை ஏற்றுமதி அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம். ஆவணப் பிரிவில் ஐந்து பேர். அவர்களில் மூத்தவர் மற்ற இருவர் செய்கிற வேலையைத் தனியாகச் செய்வார். வாங்குபவரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் கடிதமான எல்.சி.யைக் கையில் வாங்கினால் எந்த வரியில் வங்கி பிடிக்கும் என்று பார்த்தவுடனே சொல்வார். ஒருநாள் வேலைக்கு வந்து சில மாதங்களேயான ஒரு தம்பி அவரிடம் ஏதோ சந்தேகம் கேட்டான். “இதுகூடத் தெரியாமலா சம்பளம் வாங்குகிறாய்?” என்று பிரிவே கேட்கும்படி அவர் சொன்னார். அடுத்த முறை அவன் கேட்கவில்லை.

அந்த அடுத்த முறைதான் விஷயமே. வாங்குபவர் தேயிலைத் தரத்தை மாற்றியதால் எல்.சி.யில் ஒரு திருத்தம் வந்திருந்தது. சரக்கு சரியான தரத்தில்தான் போனது. ஆனால் மூத்தவர் தயாரித்த இன்வொயிஸில் பழைய தரத்தின் பெயர் அப்படியே இருந்தது. தம்பி அதைக் கண்டான். “அண்ணாவுக்குத் தெரியாமலா இருக்கும்?” என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டான். எல்.சி.க்களுக்கான சர்வதேச விதிகளான யூ.சி.பி. 600-இன்படி இன்வொயிஸில் உள்ள பொருள் விவரம் எல்.சி.யில் உள்ளதோடு பொருந்த வேண்டும். ஆவணங்களைச் சரிபார்க்க வங்கிக்கு அதிகபட்சம் 5 வங்கி நாட்கள். வங்கி பிழையைப் பிடித்தது, அதற்கான கட்டணத்தைக் கழித்தது. வாங்குபவர் பிழையை ஏற்றுக்கொள்ளும்வரை பணம் நின்றது. இதுதான் சந்தர்ப்பம் என்று அவர் விலையிலும் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்.

இப்போது நீங்கள்தான் அந்தப் பிரிவின் முகாமையாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூத்தவரிடம் என்ன சொல்வீர்கள்?

அநேகர் மூன்றில் ஒன்றைச் செய்வார்கள். ஒன்று, முதலில் புகழ்ந்து, நடுவில் குறையை நுழைத்து, மறுபடி புகழ்ந்து முடிப்பது. கெட்டிக்காரருக்கு இதில் முன்னும் பின்னும் வந்த புகழ் மட்டும்தான் காதில் விழும். இன்னொன்று, “எல்லோரும் உங்களைப் பற்றி முறையிடுகிறார்கள்” என்பது. அந்த நொடியிலிருந்து அவர் மனம் யார் முறையிட்டது என்று தேடத் தொடங்கிவிடும். அப்புறம் அடுத்த வாரம் அந்தத் தம்பியின் பாடு இன்னும் மோசம். மூன்றாவதுதான் ஆகக் கெடுதலானது: “உங்கள் சுபாவத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.”

ஏன் ஆகக் கெடுதல்? அவ்ரஹாம் க்ளூகர், ஆஞ்செலோ டிநீசி என்ற இரு ஆய்வாளர்கள், வேலை பற்றிக் கருத்துச் சொல்வது குறித்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 1996-ல் அலசினார்கள். சராசரியாகப் பார்த்தால் அப்படிச் சொல்வது பலன் தந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான சந்தர்ப்பங்களில் வேலை முன்பைவிடக் கெட்டுப்போனது. பேச்சு செய்த வேலையை விட்டு ஆளின் பக்கம் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். சுபாவம் என்றதும் அவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். “நான் இல்லாவிட்டால் இந்தப் பிரிவு ஓடுமா?” என்பார். ஓடாது என்று உங்களுக்கும் தெரியும். பேச்சு அங்கேயே செத்துவிடும்.

அந்த முகாமையாளர் வேறு வழியில் போனார். தானே கண்ணால் பார்த்த, காதால் கேட்ட ஒரு சம்பவத்தை மட்டும் எடுத்தார். தனி அறையில், காலையில், புகழ்மாலை எதுவும் இல்லாமல் ஆரம்பித்தார்.

“போன மாதம் ஒரு சந்தேகம் கேட்டவரிடம், ‘இதுகூடத் தெரியாமலா சம்பளம் வாங்குகிறாய்’ என்று பிரிவே கேட்கச் சொன்னீர்கள். நான் அங்கே நின்றேன். அதற்குப் பிறகு உங்கள் மேசைக்கு யாரும் கேள்வியோடு வந்து நான் பார்க்கவில்லை. இந்த இன்வொயிஸ் வங்கிக்குப் போகும்முன் நாலு பேர் கையைத் தாண்டிப் போனது. ஒருவரும் உங்களிடம் வந்து கேட்கவில்லை.”

இவ்வளவுதான். சம்பவம், அதில் அவர் செய்தது, அதனால் வந்தது. பிழையைக் கண்டவன் யார் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். சொல்லிவிட்டு முகாமையாளர் பேசாமல் இருந்தார். அந்த மௌனம் தாங்க முடியாததாக இருக்கும். ஆனால் அதை நிரப்பப் போனால் நாமே நம் பேச்சைத் தண்ணீராக்கிவிடுவோம்.

மூத்தவர் கடைசியில், “சேர், ஒரே கேள்வியைப் பத்துத் தரம் கேட்கிறார்கள். என் வேலையை நான் எப்போது செய்வது?” என்றார். இதை சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். புதியவர்களுக்கு முறையான பயிற்சியே இருக்கவில்லை. பயிற்சி கொடுக்கிற சுமை முழுவதும் சொல்லாமலே அவர் தலையில் விழுந்திருந்தது. முகாமையாளர் அதை ஒப்புக்கொண்டார். ஆனால், “அது உண்மை, அதை நான் சரிசெய்கிறேன். அவமானப்படுத்துவது வேறு விஷயம், அது நிற்க வேண்டும்” என்று இரண்டையும் பிரித்தே வைத்தார். தரத்தைக் குறைக்கும்படி கேட்கவேயில்லை. பிழையைப் பிழை என்றே சொல்லட்டும். அதைப் பிழை செய்தவரின் மேசைக்குப் போய்ச் சொல்லட்டும், அறைக்கு நடுவில் வேண்டாம், பிரிவின் வாட்ஸ்அப் குழுவிலும் வேண்டாம். கேள்விகளுக்கு மாலை மூன்று மணி முதல் அரை மணித்தியாலம், மற்ற நேரம் அவருடைய வேலைக்கு. இரண்டு வாரத்தில் மறுபடி இருந்து பேசுவோம் என்று நாள் குறித்து முடித்தார்.

அந்த இரண்டு வாரத்தில் எதைப் பார்ப்பது? அவர் திட்டுகிறாரா இல்லையா என்பதை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். சிலர் திட்டுவதை விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், யாரோடும் பேச மாட்டார்கள். கேள்விகள் அப்போதும் வராது. ஆகவே கேள்விகள் வருகின்றனவா என்று பாருங்கள். வெளிக்கு வரும் பிழைகள் ஆரம்பத்தில் கூடுவது போலவும் தெரியலாம், பயப்படாதீர்கள். ஹார்வர்டின் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கிய குழுக்களில்தான் மருந்துப் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே பிழை கூடுதலாக நடந்ததால் அல்ல, மறைக்காமல் பேசியதால்தான் அப்படி என்ற விளக்கத்துக்கு அவர் வந்தார்.

இன்னொரு விஷயத்தையும் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். எத்தனை ஆவணம் முடித்தார் என்பதை மட்டும் பார்த்து போனஸ் கொடுக்கிற இடத்தில் இந்தப் பேச்சு ஒரு மாதத்துக்கு மேல் நிற்காது. வாய் ஒன்று சொல்ல, காசு வேறொன்று சொன்னால், ஆள் காசு சொல்வதைத்தான் கேட்பார். அந்த அலுவலகத்தில் மூத்தவரின் ஆண்டு மதிப்பீட்டில், அவரிடம் பழகியவர்கள் தனியாக எல்.சி. பார்க்கக் கற்றுக்கொண்டார்களா என்பதையும் சேர்த்தார்கள். எனக்கு அது அந்த உரையாடலைவிடப் பெரிய வேலையாகப் படுகிறது.

இரண்டாவது சந்திப்புக்குப் பிறகும் மாறாவிட்டால்? அப்போது எழுத்தில் கொடுங்கள். புதியவர்களை அவர் பொறுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். அதனால் வேலை கொஞ்சம் மெதுவாகும். அதை மேலிடத்துக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்தத் தேயிலை அலுவலகத்தில் அவ்வளவு தூரம் போகவில்லை. மூன்று மணிக்கு முதல் வாரம் ஒருவரும் போகவில்லை. இரண்டாவது வாரம் அந்தத் தம்பி ஒரு திருத்தத்தைக் கொண்டுபோய்க் காட்டினான். மூத்தவர் பார்த்துவிட்டு, “சரி, நல்ல காலம், நீ கண்டாய்” என்று சொல்லி இன்வொயிஸை மாற்றினார்.