பெரிய எழுத்தும் சின்னப் புள்ளியும்

நேயர்களுக்கு வணக்கம். பண்டிகை நெருங்கினால், "பெரியவங்களுக்கு அனுப்பணும், எழுத்தைப் பெரிசா போட்டுக் கொடுங்க" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. வாழ்த்து அட்டை வடிவமைப்பது என் தொழில். பெரிசு என்றால் எவ்வளவு என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

நாளிதழில் செய்தி எழுத்து 10 பாயிண்ட் அளவில் இருக்கும். 72 பாயிண்ட் சேர்ந்தால் ஓர் அங்குலம். பார்வை மங்கியவர்களுக்கான புத்தகங்களை ஆங்கிலத்தில் 16, 18 பாயிண்டில் அச்சிடுகிறார்கள். தமிழுக்கு அதை அப்படியே எடுத்துக்கொண்டால் போதாது என்பது என் கணிப்பு. காரணம் புள்ளி. பாட்டி 'க'வைப் பார்த்துவிடுவார். அதன் தலையில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதில்தான் தடுமாறுவார். 'ன'வுக்கும் 'ண'வுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். சில எழுத்துருக்களில் 'ர'வும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். அடியில் ஒரு சிறு சாய்வு கோடு இருந்தால்தான் பிரித்தறிய முடியும். அதனால் நான் முதலில் பார்ப்பது எழுத்தின் அளவை அல்ல, அதிலிருக்கும் மிகச் சிறிய அடையாளத்தின் அளவை.

என் கணக்கில் 24 பாயிண்ட் நல்ல தொடக்கம். ஆனால் ஒரே 24 பாயிண்ட், ஓர் எழுத்துருவில் பெரிதாகவும் இன்னொன்றில் சின்னதாகவும் வரும். அச்செடுத்து, 'ப' எழுத்தின் உயரத்தை அடிக்கோலால் அளந்து பாருங்கள். 4 முதல் 5 மில்லிமீட்டர் இருந்தால் சரி. கோடு மெலிந்த எழுத்துரு வேண்டாம், அதில் புள்ளி காணாமல் போய்விடும். மிகத் தடித்ததும் வேண்டாம், 'ண'வின் சுழிகள் மை அடைத்து மூடிக்கொள்ளும்.

அடுத்தது இடைவெளி. 'இ'கரக் கொக்கி மேலே ஏறும், 'உ'கரக் கால் கீழே இறங்கும். வரிகள் நெருக்கமாக இருந்தால் மேல்வரியிலுள்ள 'து'வின் கால் கீழ்வரியிலுள்ள 'ல்' புள்ளியில் இடிக்கும். 24 பாயிண்ட் எழுத்துக்கு 36 பாயிண்ட் வரி இடைவெளி வையுங்கள். ஆனால் எழுத்துக்கு எழுத்து இடைவெளியை இஷ்டத்துக்குக் கூட்டாதீர்கள். சில மென்பொருள்கள் 'பொ'வைக் கொம்பு, 'ப', கால் என மூன்று துண்டாகப் பிரித்துவிடும். சொல்லுக்குச் சொல் இடைவெளியைத் தாராளமாக விட்டாலே போதும்.

ஓர் அட்டையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏ4 தாளை ஒருமுறை மடித்தால் ஒரு பக்கம் 148 மில்லிமீட்டர் அகலம். இருபுறமும் 15 விட்டால் மிச்சம் 118. 24 பாயிண்டில் ஒரு வரிக்கு ஏறக்குறைய 16 எழுத்துதான் பிடிக்கும், அதாவது இரண்டே சொல். 'நல்வாழ்த்துகள்' என்ற ஒரு சொல்லே 70 மில்லிமீட்டர் போல வரும். அதைத் தலைப்பாக 48 பாயிண்டில் போட்டால் பக்கத்தில் அடங்காது, நடுவில் உடையும். 36 பாயிண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆகவே செய்தியைத்தான் குறைக்க வேண்டும். கவிதை வரிகளை எடுத்துவிட்டு, பெயர், வாழ்த்து, எப்போது வருகிறோம் என்ற தகவல், இவ்வளவு வைத்தால் 12 வரிக்குள் முடிந்துவிடும். இடப்பக்கம் நேராகத் தொடங்கட்டும். நடுவில் குவித்தால் அடுத்த வரி எங்கே தொடங்குகிறது என்று கண் தேட வேண்டியிருக்கும். பண்டிகை என்றாலே சிவப்பில் பொன் எழுத்து கேட்பார்கள். அதை அலங்காரக் கரையோடு நிறுத்திவிட்டு, எழுத்தைப் பளபளப்பில்லாத வெள்ளைத் தாளில் கறுப்பாகப் போடுங்கள். பளபளப்புத் தாள் விளக்கொளியைக் கண்ணில் அடிக்கும். கண்புரை உள்ளவர்களுக்கு அது பெரிய தொல்லை.

சரி, இது போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அச்செடுத்த தாள்மேல் ஒரு பட்டர் பேப்பரை வைத்து, மாலை வெளிச்சத்தில் கை நீட்டிப் பாருங்கள். புள்ளிகள் தெரிந்தால் நல்லது. அப்புறம் பெரியவரிடமே கொடுத்துப் பாருங்கள். "தெரியுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள், தெரியுது என்றுதான் சொல்வார். வாழ்த்து வாசகத்தைப் படிக்கச் சொல்வதிலும் பயனில்லை, அது அவருக்கு மனப்பாடம். பழக்கமில்லாத ஒரு பெயரும் ஒரு தேதியும் அதே அளவில் எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கண் அழுத்த நோயால் ஓரப்பார்வை சுருங்கியவருக்கு எழுத்து பெரிதாகப் பெரிதாகச் சொல் முழுதாகக் கண்ணில் அகப்படாது. அவருக்கு 18 பாயிண்டில் தொடங்கி, வரியை இன்னும் குறுக்கி, எது எளிது என்று அவரையே கேட்டு முடிவு செய்யலாம்.

கடைசியில் கையெழுத்து. இத்தனையும் செய்துவிட்டு மெல்லிய பால்பாயிண்ட் பேனாவால் பெயர் எழுதி அனுப்புகிறார்கள். தடித்த முனையுள்ள கறுப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, கிறுக்காமல், எழுத்தெழுத்தாக எழுதுங்கள். மை ஊறிப் பின்பக்கம் தெரியாத அளவுக்குத் தாள் கனமாக இருக்கட்டும்.