உட்காரலாம், ஓடலாம்: ஒரே வாசகம், இரண்டு காதுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு விளம்பர வாசகத்தைப் பாட்டிக்கும் பேரனுக்கும் ஏற்றபடி எப்படி மாற்றுவது, மாற்றியபின்னும் பேசுவது அதே கடைதான் என்று எப்படித் தெரியவைப்பது என்பதே இன்றைய பேச்சு. உதாரணத்துக்குத் திருத்துறைப்பூண்டி பக்கத்தில் ஒரு சின்ன அவல் ஆலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாப்பிள்ளைச் சம்பாவில் கெட்டி அவல் இடித்து, அரைக் கிலோ பொட்டலமாக விற்கிறார்கள். ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006-இல் தொடங்கிய நெல் திருவிழாவுக்குப் பிறகு, இந்த நெல்லின் பெயரை டெல்டாவில் யாருக்கும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. சொல்ல வேண்டியது, அந்த அவலை எதற்கு வாங்குவது என்பதைத்தான்.

முதலில் மனத்தில் வரும் வாசகம் இது: "அடுப்பு வேண்டாம், அவல் போதும்." நான்கே சொல், இரண்டு இடத்தில் அகர மோனை. காகிதத்தில் படித்தால் குறையே தெரியாது. பெரியவர்களிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டினால் முகம் மாறுவது தெரியும். நம் ஊரில் அடுப்பு எரியாத வீடு என்றால் துக்க வீடு, இல்லாவிட்டால் இல்லாமை வந்த வீடு. விடியற்காலையில் வானொலியைத் திருப்பியதும் "அடுப்பு வேண்டாம்" என்று கேட்க எந்தப் பாட்டிக்கும் பிடிக்காது. பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சகுனம் உறுத்தாது, ஆனால் வேறொன்று உறுத்தும். "அவல் போதும்" என்பது அவன் காதில் "இருப்பதைத் தின்னு" என்று விழும். ஒரே வாசகம் இரண்டு பக்கமும் தோற்கிறது, தோற்கும் காரணம் மட்டும் வேறு வேறு. அதனால்தான் "எங்கே தவறு?" என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. ஒவ்வொரு வயதிலும் தனியாகக் கேட்க வேண்டும்.

சரி, அடுப்பை விட்டுவிடுவோம். இந்தப் பொருளில் மறுக்க முடியாத உண்மை என்ன? ஊற வைத்தால் போதும், சமைக்க வேண்டாம். அதிலிருந்து "ஊறினால் போதும்" என்ற இரண்டு சொல்லை எடுத்துக்கொள்ளலாம். இதுதான் வாசகத்தின் தலை. இதை எந்த வயதுக்காகவும் மாற்றக் கூடாது. மாறுவது வால் மட்டும்.

பெரியவர்களுக்கான வாலாகச் சட்டென்று தோன்றுவது "மெல்லலாம்". ஊறிய அவல் மெத்தென்று இருக்கும், பொய்யில்லை. ஆனால் எழுபது வயதுக்காரர் அதில் கேட்பது "பல் போனவர்களுக்கு" என்பதைத்தான். முதுமையைச் சுட்டும் சொல்லை முதியவருக்கு விற்கும் பொருளில் வைப்பது, இந்தத் தொழிலில் நான் அதிகம் பார்க்கும் பிழை. "செரிமானம்", "தெம்பு", "முட்டி" எல்லாம் இதே வகைதான். அவர் வாழ்க்கையில் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். காலை ஆறு மணிக்கு அந்த அம்மாள் அடுப்படியில் நின்றுகொண்டிருக்கிறார். ஆகவே "ஊறினால் போதும், உட்காரலாம்." நிற்க வேண்டியதில்லை என்பது ஒரு பொருள். நம் வீடுகளில் "உட்காரலாமா?" என்றால் சாப்பிட உட்காரலாமா என்றும் பொருள். விளக்கம் எதுவும் இல்லாமலே இரண்டும் போய்ச் சேரும்.

பிள்ளைக்கு அதே நேரத்தில் என்ன நடக்கிறது? ஏழரை மணிப் பேருந்து. "ஊறினால் போதும், ஓடலாம்."

இரண்டும் ஒரே குடும்பம் என்று காதுக்குத் தெரிவதற்குக் காரணம் உண்டு. மோனையில் உ, ஊ, ஒ, ஓ நான்கும் ஓரினம். ஊறினால் என்பதற்கு உட்காரலாம் எப்படிப் பொருந்துகிறதோ, அப்படியே ஓடலாம் என்பதும் பொருந்துகிறது. இரண்டு வாலும் "லாம்" என்றே முடிகின்றன. மாற்றுச் சொல் தேடும்போது பொருளை மட்டும் பார்த்து "கிளம்பலாம்" என்று போட்டிருந்தால் பொருள் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஓசை அறுந்துவிடும், கேட்பவருக்கு அது வேறு கடை விளம்பரமாகப் படும்.

இனி, தமிழில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் கட்டாயம் நின்று யோசிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். யாரை எப்படி விளிப்பது? பெரியவரிடம் "சாப்பிடுங்கள்" என்றும் பிள்ளையிடம் "சாப்பிடு" என்றும் எழுதினால் கடைக்கு இரண்டு குரல் வந்துவிடுகிறது. பிள்ளைக்கு "மச்சி", "செம" என்றெல்லாம் போட்டால் இன்னும் மோசம். நெல் இடிக்கிற ஆலை திடீரென்று கல்லூரி வாசலில் நின்று பேசுகிற மாதிரி ஆகிவிடும். அதில் முதலில் கூசிப்போவது பிள்ளைகள்தான், ஏனென்றால் அது அவர்கள் மொழி. அந்தச் சொற்களுக்கு ஆயுளும் குறைவு. பொட்டலம் அச்சடித்து விற்றுத் தீர்வதற்குள் பழசாகிவிடும்.

தமிழிலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது. போதும், வேண்டும், வேண்டாம், "லாம்" என்று முடியும் வினைகள், இவையெல்லாம் இடமும் பாலும் காட்டாதவை. நான், நீ, நீங்கள், அவர் எல்லோருக்கும் ஒரே வடிவம். "ஓடலாம்" என்பதில் மரியாதைக் குறைவும் இல்லை, விலகி நிற்கும் மரியாதையும் இல்லை. ஆகவே ஆலையின் குரலுக்கு முதல் விதி: வாக்கியங்கள் இந்த வினைகளில் முடியட்டும், யாரையும் விளிக்க வேண்டாம். இரண்டாவது விதி: செய்முறையை முதலில் சொல், புகழ்ச்சி வேண்டவே வேண்டாம். இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதி, விளம்பரம் எழுதுகிறவர், குரல் கொடுக்கிறவர், அச்சகத்தார் மூவரிடமும் கொடுத்துவிட வேண்டும்.

எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்பது அடுத்த குழப்பம். பெரியவர்களுக்கு எழுத்து வழக்கு, பிள்ளைகளுக்குப் பேச்சு வழக்கு என்று பிரித்துக்கொள்வார்கள். அது தவறு. பிரிக்க வேண்டியது வயதை வைத்தல்ல, இடத்தை வைத்து. பொட்டலத்திலும் சுவரிலும் "ஊறினால்", வானொலியில் "ஊறினா". இரண்டு வயதினருக்கும் அப்படியே. பாட்டியும் வீட்டில் "ஊறினா" என்றுதான் சொல்கிறார். பிள்ளையும் பாடப் புத்தகத்தில் "ஊறினால்" என்றுதான் படிக்கிறான். கைபேசிக்காக ஆங்கில எழுத்தில் போடுவதானால், ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து அதையே கடைசிவரை வைத்துக்கொள்ள வேண்டும்.

வானொலியில் இரண்டும் எப்படி ஒலிக்கும் என்று சொல்கிறேன். காலையில், பெரியவர்களுக்கானது:

"(சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றும் ஓசை) மாப்பிள்ளைச் சம்பா அவல். இருபது நிமிஷம் தண்ணியில. வெல்லமோ தயிரோ, வீட்டு வழக்கப்படி. ஊறினா போதும், உட்காரலாம்."

மாலையில், பிள்ளைகளுக்கானது:

"(அதே ஓசை) மாப்பிள்ளைச் சம்பா அவல். எழுந்ததும் தண்ணி ஊத்தணும். குளிச்சு, யூனிஃபார்ம் போட்டு வந்தா ரெடி. ஊறினா போதும், ஓடலாம்."

குரல் கொடுப்பவர் ஒருவரே. தண்ணீர் ஓசை ஒன்றே, நெல்லின் பெயர் வருவதும் அதே இடத்தில்தான். நேரத்தை அளக்கும் விதம் மட்டும் மாறியிருக்கிறது. பெரியவர் நிமிஷத்தில் கணக்கு வைக்கிறார், பிள்ளை குளியலில் கணக்கு வைக்கிறான். "ரெடி" என்ற சொல் குரலைக் கெடுக்காதா என்று கேட்கலாம். அது பாட்டிகள் வாயிலும் புழங்கும் சொல், ஆகவே கெடுக்காது. மாலை விளம்பரத்தை வேகமாகப் பேசுவதோ, காலை விளம்பரத்தில் வீணையை அடியில் ஓட விடுவதோ வேண்டாம். வயதானால் முதலில் மங்குவது உயர்ந்த ஒலிகள். ச, த, ப போன்ற மெய்கள் இசைக்கு அடியில் கரைந்துபோகும். "போதும்" என்றபின் ஒரு மூச்சு இடைவெளி விட்டால் வால் தெளிவாக விழும். பிள்ளைக்கும் அந்த இடைவெளி நல்லதுதான்.

வாசகம் வாக்குறுதியும் ஆகும் என்பதை மறந்தால் இத்தனை வேலையும் வீண். கெட்டி அவல் சாதாரணத் தண்ணீரில் ஊறப் பதினைந்து இருபது நிமிடம் ஆகும். "ஓடலாம்" என்பதைக் கேட்டு, ஐந்து நிமிடத்தில் வாயில் போட்ட பிள்ளைக்கு அவல் நறநறவென்று இருக்கும். அடுத்த நாள் அவன் தொட மாட்டான். அதனால்தான் "எழுந்ததும்" என்ற சொல் அங்கே இருக்கிறது. அதை வெட்டினால் விளம்பரம் இரண்டு நொடி குறையும், வாடிக்கையாளரும் குறைவார். ஐந்து நிமிடம் என்று சொல்லியே ஆக வேண்டுமென்றால், மெல்லிய அவல் போட்டுத் தனிப் பொட்டலம் விற்க வேண்டும். பெரியவர் பக்கம் வரும் ஆசை வேறு மாதிரி: சர்க்கரை நோய் தீரும் என்று ஒரு வரி சேர்த்தால் விற்குமே என்று. அது குரலையும் மாற்றிவிடும், வழக்கையும் கொண்டுவரும். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டம் விளம்பரம் செய்யக் கூடாது என்று பட்டியலிட்ட நோய்களில் நீரிழிவும் ஒன்று.

சோதிப்பது எப்படி? பெரியவர் எட்டுப் பேர், பிள்ளைகள் எட்டுப் பேர், தனித்தனியாக. ஒருவர் பதில் மற்றவர் காதில் விழக் கூடாது. "பிடிச்சிருக்கா?" என்று கேட்க வேண்டாம். நம் ஊரில் வந்தவர் மனம் நோகாமல் "நல்லாருக்கு" என்றுதான் சொல்வார்கள். "இதை யார் சொல்ற மாதிரி இருக்கு?" என்று கேளுங்கள். பெரியவர் "நெல்லு வெச்சிருக்கிறவங்க" என்றும் பிள்ளை "ஏதோ ஆப் விளம்பரம்" என்றும் சொன்னால் குரல் பிரிந்துவிட்டது. எந்தச் சொல்லில் பிரிந்தது என்று ஒவ்வொரு வரியாக நிறுத்திக் கேட்டுக் கண்டுபிடிக்கலாம். மறுநாள் வாசகத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். வாலை மறந்து தலையை நினைவில் வைத்திருந்தால் கவலையில்லை. தலையை மறந்து வாலை மட்டும் சொன்னால், தலையில் இருக்கும் சொல் பலவீனம்.

பிறகு விளம்பரங்களை மாற்றிப் போட்டுக் காட்ட வேண்டும். காலையில் வருவதைப் பிள்ளையும் கேட்பான், மாலையில் வருவதைப் பாட்டியும் கேட்பார், வீட்டில் இருப்பது ஒரே வானொலி. "ஓடலாம்" கேட்டுப் பாட்டி சிரித்தால் நல்லது. "அப்ப நாங்க ஓட முடியாதுன்னு சொல்றாங்களா?" என்று கேட்டால், வாலை மாற்றியே ஆக வேண்டும்.

விளம்பரம் ஓடத் தொடங்கி ஒரு மாதம் கழித்து மளிகைக் கடைக்காரர்களிடம் போய் விசாரிக்கலாம். "உட்காரலாம் அவல்" என்று ஒரு பெரியவர் கேட்டதும், "ஓடலாம் அவல்" என்று ஒரு பிள்ளை கேட்டதும், கடைக்காரர் யோசிக்காமல் ஒரே பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாரா?

நன்றி, வணக்கம்.