அண்ணன் தம்பி பாகம்: பேசி முடிப்பதும் பத்திரம் போடுவதும்

நேயர்களுக்கு வணக்கம். சிவில் வழக்குகள் நடத்துகிற வக்கீல் நான். என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள் மீது கேஸ் போட வருகிறவர்கள்தான். அப்படி வருகிறவர்களிடம் முதலில் நான் கேட்பது, "உட்கார்ந்து பேசினீர்களா?" என்பது. "பேசினோம் சார், எழுதியும் வைத்தோம்" என்று சிலர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுப்பார்கள். அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஊர், பெயர் வேண்டாம். அப்பா காலமாகிவிட்டார். பூர்வீகமாக இரண்டு ஏக்கர் நஞ்சை, ஊருக்குள் ஒரு ஓட்டு வீடு. இரண்டு மகன்கள், ஒரு மகள். இவை போக பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை. கடைப் பத்திரம் மூத்த மகன் பெயரில் இருக்கிறது. "என் சம்பாத்தியத்தில் வாங்கினேன்" என்கிறார் அவர். "நஞ்சை வருமானத்தில் வாங்கியதுதானே, அப்போது நீ எங்கே சம்பாதித்தாய்?" என்கிறார் தம்பி. எது உண்மை என்பது அப்பாவுக்குத்தான் தெரியும்.

பாகப்பிரிவினை என்று போனால், எல்லோருக்கும் பொதுவான சொத்தைத்தான் பிரிக்க முடியும். நஞ்சையும் வீடும் பொது. கடை பொதுவா இல்லையா என்று முடிவாகாமல் அதைத் தொட முடியாது. கோர்ட்டுக்குப் போனால், இருபது வருடத்துக்கு முந்தைய நெல் விற்ற கணக்கு, பாங்க் பாஸ்புக், சாட்சி என்று அதை நிரூபிப்பதிலேயே வருடங்கள் ஓடிவிடும்.

குடும்ப ஏற்பாடு இங்கேதான் வேறுபடுகிறது. கடை யாருடையது என்று தீர்மானிக்க வேண்டிய அவசியமே அதில் இல்லை. கடையை அண்ணனே வைத்துக்கொள்ளட்டும், நஞ்சை தம்பிக்கு, வீடு தங்கைக்கு, ஒருவர் சொத்தில் மற்றவர் இனி உரிமை கேட்க வேண்டாம். பேச்சு அவ்வளவுதான். சரிசமமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒவ்வொருவரும் ஏதோ ஒரு உரிமையை நியாயமாகக் கேட்கக்கூடிய நிலையில் இருந்து, தகராறைத் தீர்க்க மனமொப்பிப் பேசியிருந்தால் போதும், சட்டம் அதை மதிக்கும். ஆளை மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கிய சம்மதமாக மட்டும் இருக்கக் கூடாது.

இதில் என் மனதுக்குப் பிடித்த வழக்கு ஒன்று உண்டு. 1976 இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது, காலே வழக்கு என்போம். உத்தரப் பிரதேசத்துக் குடும்பம். தாத்தாவின் நிலத்துக்கு ஒரு பக்கம் பேரன், மறுபக்கம் அவனுடைய சித்தி பெரியம்மாமார். தகராறு வந்தது, பேசி நிலத்தைப் பங்கு வைத்துக்கொண்டார்கள். வருவாய்த் துறை அதிகாரியிடம் போய், "நாங்கள் இப்படிப் பேசி முடித்துவிட்டோம், அதன்படி பெயரை மாற்றிக் கொடுங்கள்" என்று மனு கொடுத்தார்கள். பெயரும் மாறியது. வருடங்கள் கழித்து, "அந்த ஏற்பாடு செல்லாது, பதிவு செய்யவில்லையே" என்று கிளம்பினார்கள் அந்தப் பெண்கள். நீதிபதி ஃபஸல் அலி எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. குடும்ப ஏற்பாடு வாய்மொழியாகவே இருக்கலாம். முன்பே பேசி முடித்ததைத் தகவலாக எழுதிக் கொடுத்த காகிதத்துக்குப் பதிவு தேவையில்லை. அதோடு, ஏற்பாட்டின் பலனை அனுபவித்துவிட்டு அதையே செல்லாது என்று சொல்லவும் விடமாட்டோம் என்றது. இன்றைக்கும் குடும்ப ஏற்பாடு வழக்கு என்றால் நாங்கள் முதலில் கையில் எடுப்பது இந்தத் தீர்ப்பைத்தான்.

கவனியுங்கள், முன்பே பேசி முடித்ததை எழுதினால் பதிவு வேண்டாம். எழுதும்போதுதான் உரிமையே பிறக்கிறது என்றால் பதிவு வேண்டும், 1908 ஆம் வருடப் பதிவுச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. வித்தியாசம் ஒரு வரியில் இருக்கிறது.

நான் சொன்ன குடும்பம் என்ன செய்தது? வீட்டுத் திண்ணையில் பேசி முடித்தார்கள். சந்தோஷம். இருபது ரூபாய் முத்திரைத்தாள் வாங்கினார்கள். எழுதியவர் பழைய பத்திரம் ஒன்றைப் பார்த்து, "இன்று முதல் அவரவர் பாகத்தைச் சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று எழுதிவிட்டார். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். தம்பி அதை லேமினேஷன் வேறு செய்து வைத்திருந்தார். ஐந்து வருடம் கழித்து நிலத்தின் விலை ஏறியதும் அண்ணன் பாகம் கேட்டு வழக்குப் போட்டார். தம்பியின் வக்கீல் இந்தக் காகிதத்தை நீட்டியதும் எதிர்த்தரப்பு எழுந்தது: "இன்று முதல் என்று இருக்கிறது. ஆகவே இதுவே பாகப்பிரிவினைப் பத்திரம். பதிவும் இல்லை, சரியான முத்திரைத் தீர்வையும் இல்லை." ஆட்சேபம் நின்றது. தீர்வையையும், பத்து மடங்கு வரை போகக்கூடிய அபராதத்தையும் கட்டாமல் அந்தக் காகிதத்தைக் கோர்ட் தொடாது. கட்டினாலும், குடும்பம் பிரிந்துவிட்டது என்று காட்டத்தான் ஓரளவு உதவும், இன்ன நிலம் இன்னாருக்கு என்று காட்ட உதவாது.

அதே காகிதத்தில், "சென்ற தை மாதம் பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடித்து, அதுமுதல் அதன்படியே அனுபவித்து வருகிறோம், பின்னால் ஞாபகத்துக்காக இதை எழுதி வைத்துக்கொள்கிறோம்" என்று இருந்திருந்தால் கதை வேறு. ஆனால் அது நிஜமாகவும் இருக்க வேண்டும். காலையில் பேசிவிட்டு மாலையில் "சென்ற தை" என்று எழுதினால் குறுக்கு விசாரணையில் உடைந்துவிடும். முத்திரைத்தாளின் பின்பக்கம் விற்ற தேதியும் வாங்கியவர் பெயரும் இருக்கும், அதைத்தான் முதலில் திருப்பிப் பார்ப்பார்கள். அதனால் பேசி முடித்ததும் நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள். வீட்டு வரி தங்கை பெயரில், நஞ்சையின் கிஸ்தி தம்பி பெயரில், கரண்ட் இணைப்பு மாற்றம் என்று ரசீதுகள் சேரட்டும். அப்புறம் எழுதுங்கள்.

அப்படியானால் பாகப்பிரிவினைப் பத்திரமே வேண்டாமா? அப்படி இல்லை. ஞாபகக் குறிப்பு வில்லங்கச் சான்றில் வராது. நாளைக்குத் தம்பி நிலத்தை விற்கப் போனால், வாங்குகிறவர் அந்தக் காகிதத்தைப் பார்த்துத் தயங்குவார். பாங்கும் கடன் தர யோசிக்கும். பட்டா உட்பிரிவுக்கும் பதிவான பத்திரம் இருந்தால்தான் சிக்கல் இல்லை. தமிழ்நாட்டில் குடும்பத்தாருக்குள் பாகப்பிரிவினை என்றால் தீர்வை சொத்து மதிப்பில் ஒரு சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. செலவுக்குப் பயந்து பதிவைத் தள்ளிப்போடுகிறவர்கள் கடைசியில் வக்கீலுக்குக் கொடுப்பது அதைவிட அதிகம், இதை நானே சொல்கிறேன். பதிவு அலுவலகத்தில் செட்டில்மென்ட் என்பது இது இல்லை, அது ஒருவர் இன்னொருவருக்கு இனாமாக எழுதிக் கொடுப்பது. பாதிப் பேர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, தங்கையை விட்டுவிட்டுப் பேசாதீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளும் மகனைப் போலத்தான். "நாங்கள் முன்பே வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம்" என்று சொல்லி மகளைத் தள்ள முடியாது. அப்படிச் சொல்வதை, பொது ஆவணங்கள் தெளிவாகக் காட்டினாலொழிய ஏற்கக் கூடாது என்று 2020 இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சைகை காட்டுகிறார்கள். மைனர் பிள்ளைகளின் பங்கு பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், முடியாது போலிருக்கிறது. அதற்கு மட்டும் வக்கீலைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே வழக்கு நடக்கிறவர்களுக்கு ஒன்று: லோக் அதாலத்தில் சமாதானம் பேசி முடித்தால் அந்தத் தீர்வு கோர்ட் டிக்ரிக்குச் சமம், அப்பீல் கிடையாது, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். வழக்கில் உள்ள சொத்துக்கு மட்டும் பேசியிருந்தால் அதைத் தனியாகப் பதிவு செய்யவும் வேண்டியதில்லை. வழக்கில் இல்லாத இன்னொரு வீட்டையும் அதற்குள் சேர்த்துவிட்டால் அந்த வீட்டுக்கு மறுபடி பதிவுப் பிரச்சினை வரும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வணக்கம்.