மாத்திரைக்குள் எவ்வளவு இரும்பு?

வணக்கம் நேயர்களே. உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குக் கிடைத்தது பத்து நிமிடம். சேர்வை ஒன்றில் ஒரு மூலகத்தின் திணிவுச் சதவீதம் என்றால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அதனால் என் தங்கையின் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

வெள்ளவத்தையில் இருந்த என் தங்கை முதல் பிள்ளையைச் சுமந்த காலம். கிளினிக்கில் இரும்பு மாத்திரை கொடுத்திருந்தார்கள். பெரசு சல்பேற்று, 200 மில்லிகிராம். அது முடிந்துபோக, பக்கத்து மருந்துக்கடையில் வேறு மாத்திரை வாங்கினாள். பெரசு குளூக்கோனேற்று, 300 மில்லிகிராம். இவளுக்குப் பயம் வந்துவிட்டது. "அண்ணா, இது கூடிப்போச்சே" என்று, ஒவ்வொன்றையும் கத்தியால் வெட்டி, மூன்றில் இரண்டு பங்கை மட்டும் விழுங்கியிருக்கிறாள். 200 ஆகிவிட்டதாம்! கணக்கு சரிதான், ஆனால் எதன் கணக்கு?

பெட்டியில் இருந்த 200, 300 எல்லாம் முழுச் சேர்வையின் எடை. இரும்பின் எடை அல்ல. உடம்புக்கு வேண்டியது இரும்பு. அதைக் கண்டுபிடிக்க, சேர்வையில் உள்ள அணுக்களின் திணிவுகளைக் கூட்ட வேண்டும். அதில் இரும்பின் பங்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

பெரசு சல்பேற்றை எடுப்போம். இரும்பு ஒன்று, 56. கந்தகம் ஒன்று, 32. ஒட்சிசன் நான்கு, நான்கு பதினாறு 64. மொத்தம் 152. 56ஐ 152ஆல் பிரித்து நூறால் பெருக்கினால் ஏறக்குறைய 37 சதவீதம். எங்கள் பிள்ளைகள் இங்கேயே பேனாவை மூடிவிடுவார்கள். பொறுங்கள்.

ஆய்வுகூடப் போத்தலில் இருக்கும் பச்சைப் பளிங்கு அது மட்டும் இல்லை. ஒவ்வொரு இரும்போடும் ஏழு நீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கின்றன. ஒரு நீர் 18, ஏழு நீர் 126. 152உடன் 126 சேர்ந்தால் 278. இப்போது இரும்பு 20 சதவீதம்தான். ஈர நெத்தலி ஒரு கிலோவும் காய்ந்த நெத்தலி ஒரு கிலோவும் ஒரே அளவு மீனா? அதே கதைதான். பளிங்கின் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைய வெறும் தண்ணீர்!

மாத்திரைக்கு உலர்த்திய வகையைத்தான் எடுப்பார்கள். அதில் பெரும்பாலும் ஒரு நீர் மிஞ்சும்: 152உடன் 18, மொத்தம் 170. இரும்பு 33 சதவீதம். 200 மில்லிகிராமில் 33 சதவீதம் எவ்வளவு? ஏறக்குறைய 65 மில்லிகிராம். பச்சைப் பளிங்கில் அதே 65 வேண்டுமென்றால் 325 மில்லிகிராம் எடுக்க வேண்டும். ஆகவே ஒருவர் "பெரசு சல்பேற்று" என்று மட்டும் சொன்னால், எத்தனை நீருடன் என்று நான் திருப்பிக் கேட்பேன். அதைக் கேட்காமல் கணக்கைத் தொடங்கக் கூடாது.

சரி, தங்கையின் குளூக்கோனேற்று? அதில் காபனும் ஒட்சிசனும் நிறைந்த பெரிய பகுதிகள் இரண்டு இரும்போடு கட்டியிருக்கின்றன. சார் மூலக்கூற்றுத் திணிவு, இரண்டு நீருடன், 482. அதில் 56 என்பது 12 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. முழு 300 மில்லிகிராமிலேயே இரும்பு 35தான். அவள் வெட்டி விழுங்கிய துண்டில் 23. 65 போயிருக்க வேண்டிய இடத்தில் 23! அடுத்த கிளினிக்கில் மருத்துவிச்சி அம்மா பெட்டியைப் பார்த்துக் கேட்டபிறகுதான் விஷயம் வெளிவந்தது. மாத்திரையை மாற்றும்போது வைத்தியரைக் கேளுங்கள், கத்தியை எடுக்காதீர்கள்.

இன்னொன்று. சதவீதம் சொல்வது மாத்திரைக்குள் இருப்பதை. உடம்பு உறிஞ்சுவதை அல்ல. 65 மில்லிகிராமை விழுங்கிவிட்டு உடனே பிளேன் டீ குடித்தால் உறிஞ்சுவது குறையும். அதை என் சதவீதம் காட்டாது.

பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. எல்லா மூலகங்களின் சதவீதத்தையும் கூட்டினால் நூறு வரவேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். உண்மை. ஆனால் பச்சைப் பளிங்கின் ஏழு நீரைக் கணக்கிடும்போது, ஐதரசனை மட்டும் ஏழால் பெருக்கி ஒட்சிசனை ஒன்றாகவே விட்டாலும் கூட்டுத்தொகை நூறுதான் வரும். இரும்பு மட்டும் 31 சதவீதமாகிவிடும். கூட்டல் பிழையை அது பிடிக்கும், சூத்திரப் பிழையைப் பிடிக்காது.

அறிவிப்பாளர் கை காட்டுகிறார். யூரியா பற்றிப் பேச வந்தேன், ஓடிச் சொல்லிவிடுகிறேன். யூரியா 60, அதில் நைதரசன் இரண்டு, 28. 46 சதவீதத்துக்குச் சற்று மேல். உரப்பையில் 46 என்று போட்டிருப்பது அதுதான். 50 கிலோ பையில் நைதரசன் 23 கிலோ. அமோனியம் சல்பேற்றுப் பையில் 21 என்று இருக்கும், விலையை ஒப்பிடும்போது பையை அல்ல, அந்த...  சரி, நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.